கண்டும் காணாமல் விடமாட்டோம்: ஒரு தலைமையாசிரியரின் இரண்டு அறிவிப்புகள்

காரைக்குடியிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரத்தில் போய்விடக்கூடிய ஒரு செட்டிநாட்டு ஊர். அங்கே ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை உள்ள ஓர் அரசு உதவி பெறும் பள்ளி. அதில் நீண்ட காலம் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பெற்றோர் ஆசிரியர் கழகக் குழுவில் இன்னும் இருக்கிறேன். சென்ற கல்வியாண்டில் எங்கள் தலைமையாசிரியர் பெற்றோருக்கு இரண்டு அறிவிப்புகள் அனுப்பினார். இரண்டும் ஒரே கொள்கையைப் பற்றியவை. முதலாவது நான்கு வரி, இரண்டாவது ஒரு முழுப் பக்கம். அந்த இரண்டுக்கும் நடுவில் நடந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். பள்ளியின் பெயரும் மாணவர்களின் பெயரும் வேண்டாம்.

முதல் அறிவிப்பு இதுதான்:

"ஒழுக்க மீறல்களில் நம் பள்ளி ஜீரோ டாலரன்ஸ் கொள்கையைக் கடைப்பிடிக்கிறது. ஆயுதம், போதைப்பொருள், புகையிலை, செல்போன், சாதிக் கயிறு, அடிதடி ஆகியவற்றில் எது கண்டறியப்பட்டாலும் முன்னறிவிப்பின்றி மாணவருக்கு மாற்றுச் சான்றிதழ் வழங்கப்படும். இதில் எவருக்கும் விலக்கு இல்லை. பெற்றோர் ஒத்துழைக்க வேண்டுகிறோம்."

இப்படி ஒரு தாள் ஏன் வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஜூலையில் விளையாட்டு மைதானத்தில் ஒரு சண்டை நடந்தது. அடித்தவன் ஊரில் பெரிய வீட்டுப் பிள்ளை. பள்ளிக்கு மேசை நாற்காலி வாங்கிக் கொடுத்த குடும்பம். அடிபட்டவனின் தந்தை ஆத்தங்குடியில் கல் பதிக்கும் தொழிலாளி. பிள்ளைக்கு உதட்டில் தையல் போடும்படி ஆனது. பள்ளி எதுவும் எழுதவில்லை, எவரையும் அழைத்துப் பேசவில்லை. அந்தத் தந்தை குழுக் கூட்டத்தில் எழுந்து, "எங்கள் பையன் அடித்திருந்தால் இந்நேரம் டிசி வந்திருக்கும், சார்" என்றார். பதில் சொல்ல எங்களிடம் ஒன்றும் இல்லை. தலைமையாசிரியருக்கு அது நெஞ்சில் தைத்தது. எவருக்கும் விலக்கு இல்லை என்று அவர் எழுதியது அந்தத் தந்தைக்காகத்தான். ஆகவே முதல் அறிவிப்பை வெறும் கோபத்தில் எழுதிய தாள் என்று நான் ஒதுக்கமாட்டேன். நியாயமான ஒரு வலி அதற்குள் இருந்தது. அந்த வலி தவறான சொற்களில் போய் உட்கார்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

தாள் போய் மூன்றாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை. எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் கணக்குப் பாடத்துக்கு ஜாமெட்ரி பாக்ஸை எடுக்கப் பையைக் கவிழ்த்தான். கூடவே ஒரு கத்தி விழுந்தது. மரப்பிடி போட்டது. நான்கு விரல் அகலத்துக்கு மேல் நீளாத அலகு. பக்கத்தில் இருந்தவன் கத்த, ஆசிரியை பயந்துபோக, ஐந்து நிமிடத்தில் அந்தப் பிள்ளை தலைமையாசிரியர் அறையின் வாசலில் நின்றிருந்தான். அவனுக்கு வயது 13. அழவில்லை. அதையே அலுவலகத்தில் ஒருவர், "பாருங்கள், கல்லுளிமங்கன் மாதிரி நிற்கிறான்" என்றார். பயந்த பிள்ளைகளில் பலர் அப்படித்தான் நிற்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

அறிவிப்பின்படி ஆயுதம் என்றால் மாற்றுச் சான்றிதழ். முன்னறிவிப்பு கிடையாது. விலக்கு கிடையாது. மதியத்துக்குள் ஐந்தாறு பெற்றோர் வாசலில் கூடிவிட்டார்கள். ஜூலையில் பேசிய அந்தத் தந்தையும் அதில் இருந்தார். "எழுதியபடி செய்யுங்கள், சார்" என்றார். அவர் கேட்டது முறைதான்.

அங்கேதான் முதல் தடை வந்தது. அந்தப் பையன் எட்டாம் வகுப்பு. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009, அதன் 16ஆவது பிரிவில் தொடக்கக் கல்வி முடியும் வரை, அதாவது எட்டாம் வகுப்பு முடியும் வரை, எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து நீக்கக் கூடாது என்கிறது. 2019இல் அந்தப் பிரிவைத் திருத்தி, ஐந்திலும் எட்டிலும் தேர்ச்சி பெறாதவர்களை நிறுத்திவைக்க மாநிலங்களுக்கு இடம் கொடுத்தார்கள். அப்போதும் நீக்கக் கூடாது என்ற விதியைத் தொடவில்லை. தாளில் என்ன எழுதியிருந்தாலும், எட்டாம் வகுப்புக்குள் இருக்கும் பிள்ளையைத் தண்டனையாக வெளியே அனுப்பத் தலைமையாசிரியருக்கு அதிகாரம் கிடையாது. எங்கள் பள்ளியில் ஆறு, ஏழு, எட்டு மூன்று வகுப்புகளுக்கும் அந்த அறிவிப்பு முதல் நாளிலிருந்தே செல்லாத தாள். அதைக் குழுவில் இருந்த நானும் கவனிக்கவில்லை.

இந்த இடத்தில் எல்லா ஊரிலும் நடக்கும் ஒரு வழக்கம் உண்டு. அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நீக்க முடியாதென்றால் பெற்றோரே கேட்டு வாங்கிக்கொள்வதாக எழுதி வாங்குவது. அன்று மாலை நான்கு மணிக்கு அந்தப் பையனின் அம்மா வந்தார். அப்பா சிங்கப்பூரில் வேலை. அலுவலகத்தில் அவருக்கு முன்பாக ஒரு தாள் வைக்கப்பட்டது. "சொந்தக் காரணங்களுக்காக என் மகனை வேறு பள்ளியில் சேர்க்க விரும்புகிறேன்" என்ற ஒரே வரி. போலீஸ் கேஸ் ஆகாமல் இருக்க வேண்டுமானால் இதுதான் வழி என்று ஒருவர் சொன்னார். அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டார்.

விருப்பம் உண்மையானதா, எழுதி வாங்கியதா என்று கண்டுபிடிப்பது கடினமில்லை. ஆண்டின் நடுவில், காலாண்டுத் தேர்வையொட்டிக் கேட்ட மாற்றுச் சான்றிதழ். சேரப்போகும் பள்ளியின் பெயர் விண்ணப்பத்தில் இல்லை. வீடு மாறவில்லை. அதே நாளின் தேதியில் அந்தப் பிள்ளையைப் பற்றி ஒரு புகார் இருக்கும். விண்ணப்பத்தின் கையெழுத்து ஒருவருடையது, உள்ளே எழுதியிருப்பது பள்ளி எழுத்தருடைய எழுத்து. இவற்றில் இரண்டு சேர்ந்தாலே போதும். சான்றிதழ் கொடுத்ததும், மாணவர் விவரங்களைப் பதியும் எமிஸ் இணையத்தில் அந்த மாணவரின் பெயர் பள்ளியின் கணக்கிலிருந்து காமன் பூலுக்குப் போகும். வேறொரு பள்ளி அவரை அங்கிருந்து எடுத்துச் சேர்த்துக்கொள்ள வேண்டும். எவரும் எடுக்காமல் வாரக்கணக்கில் ஒரு பெயர் அங்கேயே கிடக்கிறதென்றால் அந்தப் பிள்ளை எந்தப் பள்ளியிலும் இல்லை என்று பொருள். எந்த ஒழுங்கு நடவடிக்கையிலும் நான் முதலில் தேடிப் பார்ப்பது அந்தப் பெயர் எங்கே இருக்கிறது என்பதைத்தான்.

எங்கள் நல்ல காலம், அன்று மாலை இணையத்தில் எதுவும் மாற்றப்படவில்லை. அம்மாவின் தாளை இரவு முழுக்க மேசையில் வைத்திருந்த தலைமையாசிரியர், மறுநாள் காலை எட்டரை மணிக்கு என்னையும் வகுப்பாசிரியையும் அழைத்தார். "நான் செய்ய வேண்டியதை இன்னும் செய்யவில்லை. கத்தியை யாரும் கையில் எடுத்துப் பார்க்கவில்லை" என்றார்.

எடுத்துப் பார்த்தோம். அலகின் ஒரு பக்கம் கூர்மையாகத் தேய்ந்திருந்தது. முனை மழுங்கியிருந்தது. குத்துவதற்குப் பயன்படாத கத்தி. பிடியில் சிவப்பும் பச்சையுமாகச் சாயம் ஊறியிருந்தது. பையின் அடியைத் தட்டியபோது ஓலைத் துணுக்குகள் விழுந்தன. அந்த அம்மா கொட்டான் பின்னுகிறவர். பனையின் குருத்தோலையைக் காயவைத்து, ஈர்க்கை நீக்கி, ஒரே அகலத்தில் கிழித்து, சாயத்தில் தோய்த்துப் பின்னும் கூடை அது. செட்டிநாட்டில் கல்யாண வீட்டுச் சீர்வரிசையில் அது இல்லாமல் இருக்காது. ஓலையைக் கிழிக்கிற கத்திதான் பையிலிருந்து விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை ஓலைக் கட்டைக் கொண்டுவர மகனின் பள்ளிப் பையை எடுத்துப் போயிருக்கிறார். திங்கட்கிழமை கத்தியைக் காணோம் என்று வீடெல்லாம் தேடியிருக்கிறார். முதல் நாள் மாலை இதைச் சொல்ல வாயெடுத்தாராம். எவரும் கேட்கவில்லை.

கத்தியைப் பார்த்ததோடு நாங்கள் நிறுத்தவில்லை. அம்மாவின் கதை உண்மை என்பதால் மட்டும் ஆபத்து இல்லை என்றாகிவிடாது. வகுப்பாசிரியை பக்கத்து மாணவர்கள் நான்கு பேரிடம் தனித்தனியாகப் பேசினார். அண்மையில் சண்டை, மிரட்டல், பயம் ஏதாவது உண்டா என்று. ஒன்றும் இல்லை. அந்தப் பையன் கத்தி இருப்பதை யாரிடமும் சொல்லவில்லை, காட்டவில்லை. பை கவிழ்ந்தபோது அவனும் திடுக்கிட்டதாக இருவர் சொன்னார்கள். இதற்கெல்லாம் ஆன நேரம் முக்கால் மணி.

முடிவு: கத்தி அம்மாவிடம் கையெழுத்து வாங்கித் திருப்பித் தரப்பட்டது. நடந்தது பதிவேட்டில் எழுதப்பட்டது. வகுப்பில் தலைமையாசிரியரே போய் இரண்டு நிமிடம் பேசினார், அந்தப் பிள்ளையை எவரும் பட்டப்பெயர் வைத்து அழைக்கக் கூடாதென்பதற்காக. விண்ணப்பத் தாள் அம்மாவின் கண்முன்னே ரத்து செய்யப்பட்டது. தண்டனை எதுவும் இல்லை.

வாசலில் நின்ற பெற்றோருக்கு இது பிடிக்கவில்லை. அறிவிப்பு காற்றில் போய்விட்டது என்றார்கள். பத்து நாளில் இன்னொன்று நடந்திராவிட்டால் அவர்களுக்கு விளக்கவே முடியாமல் போயிருக்கும்.

பதினொன்றாம் வகுப்பு மாணவன் ஒருவன், ஏழாம் வகுப்புப் பையனைக் கழிப்பறைப் பக்கம் நிறுத்தி, ஜாமெட்ரி பாக்ஸில் இருக்கும் காம்பஸின் முனையை அவன் கன்னத்தருகே பிடித்துத் தினமும் காசு வாங்கிக்கொண்டிருந்தான். பத்து ரூபாய், இருபது ரூபாய். அந்தச் சின்னப் பையன் மதியம் வெளியே தின்பண்டம் வாங்குவதையே நிறுத்தியிருந்தான். காம்பஸ் எந்தத் தடைப் பட்டியலிலும் இல்லை. பள்ளியே வாங்கச் சொன்ன பொருள் அது. முதல் அறிவிப்பை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டால், ஓலைக் கத்தி வைத்திருந்தவன் வெளியே போயிருப்பான், காம்பஸ் பிடித்தவன் உள்ளே இருந்திருப்பான். பொருளை எண்ணுகிற விதி இரண்டு பக்கமும் தவறும். குழுவில் நான் சொன்னது இந்த ஒன்றுதான். ஜூலையில் பேசிய தந்தைதான் முதலில் தலையசைத்தார்.

ஜீரோ டாலரன்ஸ் என்ற சொல் எங்கிருந்து வந்தது என்பதையும் அன்று பேசினோம். அமெரிக்காவில் 1980களில் போதைப்பொருள் கடத்தலுக்கு எதிரான நடவடிக்கைகளில் புழங்கிய தொடர் அது. 1994இல் அங்கே பள்ளிகளுக்கான துப்பாக்கித் தடைச் சட்டம் வந்தது. பள்ளிக்குத் துப்பாக்கி கொண்டுவரும் மாணவரை ஓராண்டு நீக்க வேண்டும். அதே சட்டத்தில், ஒவ்வொரு நிகழ்வையும் தனித்தனியே பார்த்து அதை மாற்றும் அதிகாரம் கல்வி அதிகாரிக்கு உண்டு என்றும் எழுதியிருக்கிறது. பல பள்ளிகள் முதல் வரியை மட்டும் எடுத்துக்கொண்டு துப்பாக்கியிலிருந்து பேனாக்கத்தி வரைக்கும் நீட்டின. 2009இல் டெலாவேர் மாநிலத்தில் ஆறு வயதுக் குழந்தை ஒன்று மதிய உணவு சாப்பிட, கரண்டியும் முள்கரண்டியும் கத்தியும் ஒன்றாக மடிகிற முகாம் கருவியைக் கொண்டுபோனது. 45 நாள் சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்ப முடிவானது. ஊர் கொந்தளித்த பிறகு கல்வி வாரியம் விதியைத் திருத்தியது. அமெரிக்க உளவியல் சங்கம் அமைத்த குழு இந்தக் கொள்கையை ஆராய்ந்து, இதனால் பள்ளிகள் பாதுகாப்பாயின என்பதற்குச் சான்று இல்லை என்றே சொன்னது. கொள்கை பிறந்த இடத்திலேயே பட்ட பாட்டை நாம் மறுபடியும் படவேண்டியதில்லை.

பிறகு இரண்டாவது அறிவிப்பை எழுத உட்கார்ந்தோம். முதல் சிக்கல் மொழி. ஜீரோ டாலரன்ஸ் என்பதை "பூஜ்ய சகிப்பு" என்றால் ஒருவருக்கும் புரியாது. "சகிப்பின்மை" என்றால் பொருளே மாறிப் பள்ளியின் மேல் பழியாகிவிடும். எங்கள் ஊரில் பாதி வீடுகளில் தாளைப் படிப்பவர் அப்பத்தாவோ ஆயாவோதான். பிள்ளையைப் பெற்றவர்கள் திருப்பூரிலோ சென்னையிலோ வெளிநாட்டிலோ இருப்பார்கள். அந்த அப்பத்தாவுக்குப் புரிகிற ஒரு சொல் வேண்டும். தமிழாசிரியை யோசித்துவிட்டு, "கண்டும் காணாமல் விடமாட்டோம் என்று எழுதுங்களேன்" என்றார். எனக்கு உடனே தெளிந்தது. அந்தத் தொடர் பிள்ளையைக் கட்டுவதற்கு முன் பள்ளியைக் கட்டுகிறது. ஜூலையில் நாங்கள் செய்தது துல்லியமாக அதுதான், கண்டும் காணாமல் விட்டோம்.

அறிவிப்பின் நடுப்பகுதி இப்படி அமைந்தது:

"எந்தப் புகாரையும், யார் சொன்னாலும், யாரைப் பற்றிச் சொன்னாலும், கண்டும் காணாமல் விடமாட்டோம். அன்றைக்கே பதிவேட்டில் எழுதுவோம். மறுநாளுக்குள் இரு தரப்புப் பெற்றோரையும் அழைத்துப் பேசுவோம். உங்கள் பிள்ளை சொல்வதையும் நீங்கள் சொல்வதையும் கேட்காமல் முடிவு எடுக்கமாட்டோம். எல்லோருக்கும் ஒரே விசாரணை. தண்டனை, நடந்ததைப் பொறுத்தது.

"எதற்காகவும் அடிக்கமாட்டோம், வெயிலில் நிறுத்தமாட்டோம், மற்றவர் முன் அவமானப்படுத்தமாட்டோம். சட்டம் இதைத் தடை செய்கிறது. எட்டாம் வகுப்பு வரை எந்தப் பிள்ளையையும் நீக்கமாட்டோம். மாற்றுச் சான்றிதழ் கேட்டு எழுதும்படி பள்ளியில் எவராவது உங்களை வற்புறுத்தினால் கையெழுத்துப் போடாதீர்கள். தலைமையாசிரியரிடம் நேரில் வாருங்கள். அவரே சொன்னால் 14417 என்ற எண்ணை அழையுங்கள்."

கடைசி வாக்கியத்தைத் தலைமையாசிரியரே சேர்த்தார். தன்மேல் புகார் சொல்ல வழியைத் தன் கையெழுத்திட்ட தாளிலேயே அச்சடித்துக் கொடுத்தார். அடிக்கக் கூடாது என்பது அதே 2009 சட்டத்தின் 17ஆவது பிரிவு. உடலை வருத்துவதும் மனத்தை வருத்துவதும் இரண்டும் அதில் அடங்கும்.

உண்மையிலேயே துளியும் இடம் கொடுக்க முடியாத ஒரு விஷயத்துக்குத் தனிப் பத்தி கொடுத்தோம். குழந்தை மீதான பாலியல் குற்றம். போக்சோ சட்டம், 2012, 19ஆவது பிரிவின்படி அப்படி நடந்தது என்று தெரிந்தவர் போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும். ஒரு நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் சொல்லாமல் மறைத்தால் ஓராண்டு வரை சிறை. இரு வீட்டாரும் பேசி முடித்துக்கொண்டோம், பள்ளிப் பெயர் கெட்டுவிடும், பெண் பிள்ளையின் எதிர்காலம் என்று எவர் வந்து சொன்னாலும் தலைமையாசிரியருக்கு முடிவெடுக்கும் உரிமை இங்கே கிடையாது. "இதில் நானே கட்டுப்பட்டவன். சமரசம் பேச என்னிடம் வராதீர்கள்" என்று தன்மையிலேயே எழுதினார்.

புகையிலையில் பார்வையைத் திருப்பினோம். சிறார் நீதிச் சட்டம், 2015, 77ஆவது பிரிவு குழந்தைக்குப் புகையிலையோ போதைப்பொருளோ கொடுத்தவருக்கு ஏழாண்டு வரை கடுங்காவல் என்கிறது. அந்தச் சட்டத்தின் கண்ணில் பொட்டலத்தோடு பிடிபட்ட பிள்ளைதான் பாதிக்கப்பட்டவன். பள்ளியிலிருந்து 100 கஜத்துக்குள் விற்கவே கூடாது என்று 2003ஆம் ஆண்டுப் புகையிலைச் சட்டமும் சொல்கிறது. அறிவிப்பில், பிள்ளையிடம் கண்டால் எங்கே வாங்கினான் என்பதைத்தான் முதலில் கேட்போம் என்று எழுதினோம்.

முழுமையாகத் தீராதது கயிறுதான். கையில் கட்டும் வண்ணக் கயிறு சாதி அடையாளமாகிப் பள்ளிக்குள் அணி பிரிப்பது தமிழ்நாடு அறிந்தது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்த கொடுமைக்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024இல் தந்த அறிக்கையில் அந்தக் கயிறுகளுக்குத் தடை வேண்டும் என்றது. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் மாசி, பங்குனியில் காரைக்குடி மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் கோயில் திருவிழா வரும்போது பால்குடம் எடுக்க எங்கள் பிள்ளைகள் காப்புக் கட்டிக்கொண்டு வருவார்கள். மஞ்சள் தோய்ந்த அந்தக் கயிற்றை நடுவில் அவிழ்க்க ஒரு தாயும் சம்மதிக்கமாட்டார். கோயில் காப்பு கட்டியிருந்தால் வகுப்பாசிரியரிடம் சொல்லலாம், திருவிழா முடிந்ததும் அவிழ்த்துவிட வேண்டும் என்று எழுதினோம். மஞ்சளைச் சாக்கிட்டு வேறு நிறம் உள்ளே வந்தால் என்ன செய்வது என்று கேட்டார்கள். வகுப்பாசிரியரின் கண்ணைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. இதைவிட நல்ல வாக்கியம் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

காம்பஸ் மாணவனுக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். புதிய முறையில் நடந்த முதல் விசாரணை அவனுடையது. வாங்கிய காசைத் தன் தந்தையின் முன்னிலையில் திருப்பித் தந்தான். ஒரு வாரம் வகுப்புக்குப் பதில் நூலக அறையில் ஆசிரியர் பார்வையில் பாடம் எழுதினான். அந்தப் பருவம் முழுக்க இடைவேளை நேரம் அவனுக்கு மாற்றப்பட்டது. சின்னப் பையனின் நேரம் மாறவில்லை. அடிபட்ட பிள்ளையை வேறு பிரிவுக்கு மாற்றிப் பாதுகாக்கும் பழைய வழக்கத்தைக் கைவிட வேண்டும் என்று வகுப்பாசிரியை உறுதியாக நின்றார். அது சரி. இடம்பெயர வேண்டியவன் மிரட்டியவன்தான். ஏழாம் வகுப்புப் பையன் மீண்டும் மதியம் வெளியே வருகிறானா என்று மூன்று வாரம் தினமும் பார்த்து எழுதினார்கள். இரண்டாவது வாரம் வியாழக்கிழமை வந்தான்.

அறிவிப்பைப் பெற்றோர் கூட்டத்தில் தலைமையாசிரியர் வாய்விட்டுப் படித்தார். முடித்ததும் ஜூலையில் பேசிய தந்தை எழுந்தார். "பதிவேடு இன்றைக்குத் திறக்கிறீர்கள், சார். என் பையனுடையது அதில் வராதே?" என்றார். பெரிய வீட்டுக்காரரும் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தார். தலைமையாசிரியர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு மேசையில் இருந்த புதிய பதிவேட்டைத் திறந்து, எல்லோர் முன்னிலையிலும் முதல் வரியை எழுதி, எழுதியதைப் படித்தார். ஜூலை மாதத்துத் தேதி, இரண்டு மாணவர்களின் வகுப்பு, உதட்டுத் தையல். நடவடிக்கை என்ற கட்டத்தில், "பள்ளி எதுவும் செய்யவில்லை. இரு வீட்டாரையும் வரும் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அழைத்திருக்கிறேன்" என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

திங்கட்கிழமை இரண்டு வீட்டாரும் வந்தார்கள்.